ஒரே அறையில் மூன்று வகுப்பு: நம் பிள்ளை எப்படிப் படிக்கிறது?



சென்ற மாதம் பிள்ளைக் காம்பராவில் திரிபோஷ பங்கிட்ட அன்று, ஒரு தாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் கேட்டார்.

“ஐயா, எம்மக மூணாம் வகுப்பு. ஸ்கூல்ல மூணு, நாலு, அஞ்சு மூணு வகுப்பையும் ஒரே அறையில வச்சு ஒரே டீச்சர் நடத்துறாங்க. மத்த வகுப்புக்குச் சொல்லிக் குடுக்கிற நேரம் எம்புள்ள சும்மாதானே உக்காந்திருக்கும்? டவுன் ஸ்கூலுக்கு மாத்திடலாமான்னு பாக்கிறோம். பஸ் காசு எப்படியாவது பொரட்டிடலாம்.”

அந்தத் தாய் காலை பெரட்டுக்குப் போய்விடுவார். எட்டு வயதுப் பெண் பிள்ளை தனியாகப் பாதையில் இறங்கி நடந்து, பஸ் பிடித்து, டவுனுக்குப் போய் வர வேண்டும். மழை நாளில் பஸ் வராவிட்டால் அன்றைய படிப்புப் போச்சு. ஆகவே இது சின்னக் கேள்வி அல்ல. பதில் சொல்லுவதற்கு முன், அப்படிப்பட்ட வகுப்பு உண்மையிலேயே எப்படி நடக்கிறது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அதைத்தான் இந்தப் பாடத்தில் விளக்குகிறேன்.

பழைய லயத்துப் பள்ளிக்கூடமும் இதுவும் ஒன்றா?

ஓர் ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்குக் கற்பிப்பதைக் கல்வி அலுவலகங்களில் பல்தரக் கற்பித்தல் என்று சொல்வார்கள். நமக்கு இது புதிது அல்ல. நம் தாத்தா பாட்டி காலத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு என்றுதான் இருந்தது. 1977ஆம் ஆண்டு தொடங்கித் தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்ற பிறகுதான் கட்டடமும் ஆசிரியர்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினார்கள்.

அந்தக் காலத்து ஞாபகம் பலருக்கு மனதில் நிற்கிறது. வாத்தியார் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் போடுவார். மற்ற நான்கு வகுப்பும் சிலேட்டில் பார்த்து எழுதிக்கொண்டோ, கத்திக்கொண்டோ இருக்கும். “சும்மாதானே உக்காந்திருக்கும்” என்ற பயம் அங்கிருந்து வந்ததுதான். அந்தப் பயம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் திட்டம் போட்டு நடத்தும் பல்தர வகுப்பு வேறு, ஆள் இல்லாத குறைக்கு ஒட்டுப்போட்ட வகுப்பு வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

இலங்கையில் ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 3,000 பாடசாலைகளில் நூறு பிள்ளைகள்கூட இல்லை. ஆகவே தோட்டத்துக்கு மட்டும் வந்த குறை என்று இதை எண்ண வேண்டாம். காட்டோரச் சிங்களக் கிராமத்திலும், கிழக்கிலும், மன்னார்க் கரையிலும் இதே நிலைதான்.

முசலியில் பார்த்த ஒரு வகுப்பு

மன்னார்க் கரை என்றால் நமக்கு ஒரு தொடர்பு உண்டு. நம் மூதாதையர் பலர் இந்தியாவிலிருந்து வந்து மன்னார்ப் பக்கம் கரையேறி, அங்கிருந்து காட்டு வழியாக நடந்தே மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த மாவட்டத்தில், மன்னார்த் தீவுக்குத் தெற்கே, கரையோரமாக உள்ளது முசலிப் பிரதேசம். ஒரு காலத்தில் முத்துக் குளிப்புக்குப் பெயர் பெற்ற அரிப்பு அங்கேதான் இருக்கிறது. சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி எல்லாம் அந்தப் பக்கத்து ஊர்கள்.

1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது முசலி ஊர்களும் காலியாயின. பலர் புத்தளம் பக்கம் போய் வாழ்ந்தார்கள். எஞ்சியிருந்த மக்களும் 2007இல் யுத்தத்தினால் இடம்பெயர்ந்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு குடும்பங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. எல்லோரும் ஒரே நாளில் வரவில்லை. இந்த வருஷம் பத்துக் குடும்பம், அடுத்த வருஷம் ஐந்து என்று வந்தார்கள். அதனால் ஒரு வகுப்புக்கு நான்கு பிள்ளை, ஐந்து பிள்ளை என்ற நிலை. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று அங்கே போட முடியாது.

மன்னாருக்கு ஒரு வேலையாகப் போயிருந்தபோது, அந்தப் பக்கத்துச் சிறு பாடசாலை ஒன்றில் ஒரு காலை நேரம் முழுக்க உட்கார்ந்து பார்க்க அனுமதி கிடைத்தது. தரம் ஒன்றும் இரண்டும் ஓர் ஆசிரியையிடம். தரம் மூன்று, நான்கு, ஐந்து இன்னோர் ஆசிரியையிடம். இரண்டாவது அறையில் 17 பிள்ளைகள்: மூன்றில் ஏழு பேர், நான்கில் ஆறு பேர், ஐந்தில் நான்கு பேர்.

முதலில் என் கண்ணில் பட்டது மேசை போட்டிருந்த விதம். எல்லோரும் கரும்பலகையைப் பார்த்து வரிசையாக உட்காரவில்லை. மூன்று வட்டமாக, ஆளையாள் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் இரண்டு கோடு கீறி மூன்றாகப் பிரித்திருந்தது. ஒரு மூலையில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பழைய பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டி டீச்சர் தன் கையால் எழுதிய அட்டைகள்.

ஒரு மணி நேரக் கணக்குப் பாடம்

அன்றைய பாடம் நிறை. மூன்று வகுப்புக்கும் தலைப்பு அது ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் ஆழம் வேறு.

முதல் 15 நிமிஷம் எல்லோரும் சேர்ந்து. டீச்சர் ஒரு தராசையும் படிக்கற்களையும் நடுவில் வைத்தார். ஒரு பை உப்பையும், அதைவிடப் பெரிய பை நிறைய உமியையும் காட்டி, “எது பாரம்?” என்று கேட்டார். சின்னவர்கள் பெரிய பையைக் காட்டினார்கள். நிறுத்துப் பார்த்தால் உப்புதான் பாரம். பிறகு, இரண்டு அரைக் கிலோக் கல்லும் ஒரு கிலோக் கல்லும் சமம், ஒரு கிலோ என்றால் 1,000 கிராம் என்பதைத் தராசிலேயே காட்டினார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புதுப் பாடம். நாலாம் வகுப்புக்கு ஞாபகப்படுத்தல். ஐந்தாம் வகுப்பில் ஒரு பையனைத்தான் எழும்பி விளக்கச் சொன்னார்.

அடுத்த 15 நிமிஷம் டீச்சர் மூன்றாம் வகுப்போடு உட்கார்ந்தார். வெங்காயம், சோப்புக் கட்டி, மணல் பை ஒவ்வொன்றையும் கையில் தூக்கி எவ்வளவு இருக்கும் என்று முதலில் ஊகித்துச் சொல்ல வேண்டும். பிறகு நிறுக்க வேண்டும். அந்த நேரம் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக அட்டை எடுத்துக் கூட்டல் செய்தார்கள். ஒரு அட்டையில் இருந்த கணக்கு இது: 1 கிலோ 350 கிராமும் 2 கிலோ 800 கிராமும் எவ்வளவு? கிராமைக் கூட்டினால் 1,150. அதில் 1,000 கிராம் ஒரு கிலோவாக மாறி அந்தப் பக்கம் போகும். விடை 4 கிலோ 150 கிராம். அட்டையின் பின்பக்கம் விடை எழுதியிருந்தது. செய்து முடித்த பிறகுதான் திருப்பிப் பார்க்கலாம். பிழையாக இருந்தால் இருவரும் சேர்ந்து எங்கே பிழை என்று தேட வேண்டும்.

ஐந்தாம் வகுப்புக்கு வசனக் கணக்கு. ஒருவர் மூன்று முறை மீன் கூடை நிறுத்தார்: 8 கிலோ 400 கிராம், 9 கிலோ 250 கிராம், 5 கிலோ 750 கிராம். வெறுங்கூடை ஒவ்வொரு முறையும் 1 கிலோ 200 கிராம். மீன் மட்டும் எவ்வளவு? மொத்தம் 23 கிலோ 400 கிராம். கூடைக்குக் கழிப்பது 3 கிலோ 600 கிராம். மிச்சம் 19 கிலோ 800 கிராம். மீன் என்ற இடத்தில் கொழுந்து என்று போட்டுப் பாருங்கள். நாம் தினம் மூன்று நேரம் நிறுவையில் நின்று பார்க்கிற கணக்கு அதுதான். பைக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று நம் பிள்ளை கேட்டுச் சொல்லக்கூடிய கணக்கு.

பிறகு 12 நிமிஷம் டீச்சர் நாலாம் வகுப்புக்கு மாறினார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மூன்றாம் வகுப்பு வட்டத்துக்குப் போய் நிறுவையைப் பார்த்துக்கொண்டது. அடுத்த 10 நிமிஷம் ஐந்தாம் வகுப்போடு டீச்சர். அப்போது மூன்றாம் வகுப்பு தாங்கள் நிறுத்ததைக் கொப்பியில் அட்டவணையாக எழுதியது. நாலாம் வகுப்பு அடுத்த அட்டைக்குப் போனது. கடைசி 8 நிமிஷம் மறுபடியும் எல்லோரும் ஒன்றாக. ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஒருவர் எழும்பி, இன்று என்ன செய்தோம் என்று மற்றவர்களுக்குச் சொன்னார்கள்.

இடையில் பிள்ளைகள் டீச்சரை இழுக்காமல் இருக்க ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். சந்தேகம் வந்தால் முதலில் அட்டையைத் திரும்ப வாசி. விளங்காவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேள். அவருக்கும் தெரியாவிட்டால் குழுத்தலைவரைக் கேள். அதற்குப் பிறகுதான் டீச்சர். குழுத்தலைவர் வாரா வாரம் மாறுவார். கெட்டிக்காரப் பிள்ளை மட்டும் எப்போதும் தலைவராக இருப்பதில்லை.

“எம்புள்ளைக்குப் பத்து நிமிஷந்தானா?”

இந்தக் கணக்கைப் பார்த்ததும் ஒரு தகப்பன் கேட்பார்: “அப்போ அறுபது நிமிஷத்துல அஞ்சாம் வகுப்புக்குப் பத்து நிமிஷந்தானே டீச்சர் குடுத்தாங்க?” நியாயமான கேள்வி. கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம்.

முதல் 15 நிமிஷமும் கடைசி 8 நிமிஷமும் எல்லோருக்கும் பொது. ஆகவே ஐந்தாம் வகுப்புக்கு டீச்சர் இருந்தது 33 நிமிஷம். அதில் 10 நிமிஷம் வெறும் நான்கு பிள்ளைகளோடு, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து. டவுனில் 40 பிள்ளைகள் உள்ள அறையில் ஆசிரியர் அறுபது நிமிஷமும் முன்னால் நின்று பேசலாம். ஆனால் ஒரு பிள்ளையின் கொப்பியைக் குனிந்து பார்க்க, ஆளுக்கு ஒன்றரை நிமிஷம்தான் வரும். அதுவும் வேறு எதுவுமே செய்யாவிட்டால்.

மிச்சம் 27 நிமிஷம் பிள்ளை தானே வேலை செய்கிறது. கணக்கு என்பது கேட்டு வருகிற பாடம் அல்ல, செய்து வருகிற பாடம். கொழுந்து எடுப்பது எப்படி என்று எவ்வளவு நேரம் சொன்னாலும், நிரையில் இறங்கிக் கை வைத்தால்தானே பழகும். ஆகவே கேட்க வேண்டியது, டீச்சர் பேசாத அந்த நேரத்தில் பிள்ளை கையில் உருப்படியான வேலை இருந்ததா என்பதுதான். இருந்தால் அது படிப்பு. இல்லாவிட்டால் அந்தத் தாய் சொன்னது சரி, பிள்ளை சும்மாதான் இருக்கிறது.

பிள்ளைக்கு எதில் நன்மை?

முதலாவது, பெரிய பிள்ளை சின்னதுக்குச் சொல்லிக் கொடுப்பது. சில பெற்றோர், “எம்மகன் மத்தவங்களுக்குப் படிச்சுக் குடுக்கவா ஸ்கூல் போறான்?” என்று கோபிப்பார்கள். அன்று நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒன்று மூன்றாம் வகுப்புக்கு உதவப் போனது. தராசில் ஒரு கிலோக் கல்லும் 50 கிராம் கல்லும் இருந்தன. “இது 150 கிராம்” என்று அந்தப் பிள்ளையே எழுதியது. பல பிள்ளைகள் விடுகிற பிழை இது. ஒன்றையும் ஐம்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுவார்கள். சின்னப் பையன் கேட்டான்: “அக்கா, ஒரு கிலோவே ஆயிரம் எண்டு டீச்சர் சொன்னவ. அப்ப எப்பிடி நூத்தைம்பது?” அது சற்று நேரம் யோசித்து, அழித்து, 1,050 என்று எழுதியது. டீச்சர் திருத்தியிருந்தால் மறந்திருக்கும். தம்பி ஒருவனுக்கு விளக்கப் போய் மாட்டிக்கொண்ட பிழை மறக்காது. தெரியும் என்று நினைத்திருப்பது உண்மையில் தெரியுமா என்பது சொல்லிக் கொடுக்கும்போதுதான் வெளியே வரும்.

ஆனால் இதற்கு அளவு உண்டு. பத்துப் பதினைந்து நிமிஷம், முறை வைத்து, எல்லோரும் செய்ய வேண்டும். ஒரே பிள்ளையை நாள் முழுக்கச் சின்ன வகுப்பைப் பார்க்க விட்டால் அது கற்பித்தல் அல்ல. பிள்ளைக் காம்பரா வேலை.

இரண்டாவது, பின்தங்கிய பிள்ளைக்கு வழி கிடைக்கிறது. நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் நிற்கிற நாட்கள் அதிகம். அம்மை வந்தது, தம்பியைப் பார்க்க ஆள் இல்லை, மழை என்று இரண்டு வாரம் போகும். ஒரு வகுப்பு மட்டும் உள்ள அறையில் பாடம் முன்னே போய்விடும். பிள்ளை நடுவில் வந்து விழிக்கும். பல்தர அறையில் நாலாம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் வகுப்பு வட்டத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து, விட்டதைப் பிடித்துக்கொண்டு திரும்பலாம். யாரும் “தவறிவிட்டான்” என்று சொல்ல மாட்டார்கள். அதேபோல் கெட்டிக்காரச் சின்னப் பிள்ளை மேல் வகுப்புப் பாடத்தைக் காதில் வாங்கிக்கொள்ளும். அடுத்த வருஷம் அந்தப் பாடம் வரும்போது அதற்குப் பழகின பாடம்.

நம் நாட்டு ஆரம்பக் கல்வியிலும் இதற்கு இடம் இருக்கிறது. 1999இல் நாடு முழுவதும் தொடங்கிய சீர்திருத்தத்தில் தரம் 1, 2 ஒரு நிலை, 3, 4 இன்னொரு நிலை, 5 தனி நிலை என்று பிரித்தார்கள். ஒரு நிலையில் உள்ள இரண்டு வருஷத்துக்குள் பிள்ளை தன் வேகத்தில் தேர்ச்சி பெறலாம் என்பதே அதன் கருத்து.

தமிழ்நாட்டிலும் இதைச் செய்திருக்கிறார்கள். ஆந்திராவில் ரிஷி வேலி என்ற இடத்துக் கிராமப் பள்ளிகளில், அட்டைகளை ஏணிப்படி போல வரிசைப்படுத்தி, ஒவ்வொரு பிள்ளையும் தன் படியிலிருந்து ஏறும் முறை இருந்தது. அதைப் பார்த்து 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் பரப்பினார்கள். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தபோது, ஒன்று முதல் மூன்று வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் இருக்கும் நிலையைப் பார்த்துப் பிரித்தார்கள். பெயரைக் கேட்டாலே விளங்கும். மொட்டு மலராகாதது குற்றம் இல்லை. அதற்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும், அவ்வளவுதான்.

ஆராய்ந்தவர்கள் சொன்னது

நெதர்லாந்தைச் சேர்ந்த சைமன் வேன்மன் என்ற ஆய்வாளர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1995இல் எழுதினார். பல்தர வகுப்புப் பிள்ளைகளும் தனி வகுப்புப் பிள்ளைகளும் வாசிப்பிலும் கணக்கிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தார்கள் என்பது அவர் முடிவு. அதாவது, மூன்று வகுப்பைச் சேர்த்ததால் மட்டும் பிள்ளை கெட்டும் போகாது, தானாகக் கெட்டிக்காரனாகவும் ஆகாது. நடத்துகிற விதம்தான் முக்கியம்.

நடத்துகிற விதத்தில் பெரிய சிக்கல் பாடத்திட்டம். ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனிப் புத்தகம். மூன்றில் இன்று நிறை, நான்கில் பின்னம், ஐந்தில் நேரம் என்று வந்தால் ஒரு மனுஷி மூன்று பக்கம் ஓட வேண்டும். இலங்கை ஆய்வாளர் மஞ்சுளா விதானபத்திரன இதைத்தான் எடுத்துக்கொண்டார். கணிதப் பாடத்தைப் பல்தர வகுப்புக்கு ஏற்றபடி மாற்றி ஒழுங்குபடுத்துவது எப்படி என்று நம் நாட்டுக் கிராமப் பாடசாலைகளில் ஆராய்ந்தார். முசலியில் நான் பார்த்த டீச்சரும் தவணை தொடங்கும் முன் மூன்று புத்தகத்தையும் விரித்து வைத்து, ஒரே தலைப்புகள் ஒரே வாரத்தில் வரும்படி மாற்றி எழுதி வைத்திருந்தார். “அந்தப் பட்டியல் இல்லாட்டி இந்த வகுப்பை நடத்த ஏலாது. பட்டியல் எழுத எனக்கு ரெண்டு கிழமை போனது” என்றார்.

எங்கே பிழைக்கிறது?

இனிப்பாக மட்டும் சொல்லக்கூடாது. பிழைக்கிற இடங்களும் உண்டு.

தரம் ஒன்று பிள்ளைக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது. அட்டையைக் கொடுத்து “நீயே செய்” என்று சொல்ல முடியாது. அதனால் ஒன்றை நான்கோடும் ஐந்தோடும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் ஒன்றுதான் காய்ந்து போகும். ஒன்றும் இரண்டும் தனியாக இருப்பதே நல்லது.

புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் மாதங்களில் ஐந்தாம் வகுப்பு மற்ற வகுப்புகளை விழுங்கிவிடும். டீச்சர் வினாத்தாளோடு ஐந்தாம் வகுப்பில் நிற்பார். மூன்றும் நான்கும் படம் கீறிக்கொண்டிருக்கும். நாம் பெற்றோரே அதைக் கேட்டு நெருக்குகிறோம் என்பதும் உண்மை.

எல்லாவற்றையும்விடப் பெரியது, டீச்சர் வராத நாள். பெரிய பாடசாலையில் ஓர் ஆசிரியர் வராவிட்டால் ஒரு வகுப்புக்குத்தான் நட்டம். இங்கே மூன்று வகுப்புக்கும் ஒரே நாளில் நட்டம்.

ஆகவே உங்கள் பிள்ளையின் வகுப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்க, உங்களுக்கு எழுத வாசிக்கத் தெரியாவிட்டாலும் வழி உண்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கொப்பியையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அச்சடித்தாற்போல் ஒன்றே இருந்தால், எல்லோரையும் பலகையைப் பார்த்து எழுத வைக்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பேனை அடையாளம் இருக்கிறதா, அல்லது மாதக் கணக்கில் இல்லையா என்று பாருங்கள். வெட்டும் திருத்தமும் இருந்தால் பயப்பட வேண்டாம். பிள்ளை தானே செய்து பார்த்ததற்கு அதுதான் சாட்சி. பிறகு பிள்ளையிடம், “டீச்சர் மத்த வகுப்புல இருந்தப்ப நீ என்ன செஞ்ச?” என்று கேளுங்கள். செய்ததை விவரமாகச் சொன்னால் வகுப்பு நடக்கிறது. “சும்மா இருந்தோம்” என்று ஒரு வாரம் தொடர்ந்து சொன்னால் நடக்கவில்லை.

நடக்கவில்லை என்று தெரிந்தால் டீச்சரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவர் பெரும்பாலும் இதற்கென்று பயிற்சி பெறாமல் தள்ளிவிடப்பட்டவராக இருப்பார். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, பல்தரக் கற்பித்தலுக்கு உதவ ஆசிரிய ஆலோசகரை அனுப்பும்படி அதிபர் மூலம் கோட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மற்றது, அட்டை செய்ய மட்டை, ஒரு தராசு, படிக்கற்கள் போன்றவற்றை நாமே சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். பிஸ்கட் மட்டையும் தேயிலைப் பெட்டி மட்டையும் நம்மிடம் இல்லாத பொருள் அல்ல.

வீட்டில் செய்ய வேண்டியது

இரண்டே இரண்டு. முதலாவது, பிள்ளை ஏழரை மணிக்கு முன் வகுப்பில் இருக்க வேண்டும். பல்தர வகுப்பில் அன்றைய வேலையை எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பது காலையில்தான். நேரம் பிந்தி வரும் பிள்ளை எந்த வட்டத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் நாள் முழுக்கத் தடுமாறும். அதற்காக டீச்சர் திரும்பவும் சொன்னால் மற்ற 16 பிள்ளைகளின் நேரம் போகும்.

இரண்டாவது, சாயங்காலம் பிள்ளையை உங்களுக்குச் சொல்லித் தர விடுங்கள். “இன்னைக்குக் கொழுந்து மூணு நேரமும் இவ்வளவு, பைக்கு இவ்வளவு கழிச்சாங்க, மிச்சம் எவ்வளவுன்னு போட்டுச் சொல்லு” என்று கேட்டால் போதும். அக்கா போடட்டும், தங்கை பார்க்கட்டும். நம் லயத்து வீடும் ஒரே அறையில் பல வகுப்புத்தானே.

அந்தத் தாய் இன்னும் முடிவு எடுக்கவில்லை. டவுனுக்கு மாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவும் இல்லை. டீச்சர் வாரத்துக்கு இரண்டு நாள் வராத பாடசாலையாக இருந்தால், மாற்றுவதே சரி. ஆனால் மூன்று வகுப்பு ஒன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எட்டு வயதுப் பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்ற வேண்டியதில்லை. மகளின் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னேன். இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். மூன்றாம் பக்கத்தில் ஒரு கழித்தல் கணக்கு இரண்டு முறை வெட்டித் திருத்தப்பட்டு, மூன்றாம் முறை சரியாக இருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் தேதி. “இதை யாரு திருத்தினது?” என்று தாய் கேட்டார்.

“நான்தாம்மா. அஞ்சாம் வகுப்பு அக்கா எங்க பிழைன்னு காட்டினாங்க. பொறகு டீச்சர் பாத்தாங்க” என்றது பிள்ளை.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குத் தானும் வருவதாகத் தாய் சொல்லியிருக்கிறார். நீங்களும் அவரவர் பிள்ளையின் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்